‘எத்தனை மணிக்குடா முடியும்?’

எங்க அப்பாவுக்கு செஸ் தெரியாது. யானை நேரா போகும், குதிரை தாண்டும், அவ்வளவுதான். ஆனா நான் ஆறாவது படிக்கும்போதிலிருந்து ஒவ்வொரு டோர்னமென்ட்டுக்கும் என்னைக் கூட்டிட்டுப் போனவர் அவர்தான். ஹாலுக்கு வெளியே வேப்பமரத்தடியில பைக்கை நிறுத்திட்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சும் ஒரே கேள்விதான் கேட்பார்: “அடுத்தது எத்தனை மணிக்குடா முடியும்?”

நான் எப்பவும் “தெரியாதுப்பா”ன்னுதான் சொல்லுவேன். அவருக்கு அது பிடிக்காது. விருத்தாசலத்துல செராமிக் வேலையில இருக்கிறவர். ஃப்யூஸ் கேரியர், பீங்கான் பொம்மை எல்லாம் சூளைக்குள்ள போனா எப்போ நெருப்பை நிறுத்தணும், எவ்வளவு நேரம் ஆறவிடணும், எப்போ கதவைத் திறக்கலாம்னு அவருக்குத் தெரியும். அவசரப்பட்டுத் திறந்தா சரக்கு விரிசல் விடும். “ஒரு சூளைக்கே நேரம் சொல்ல முடியுது, ரெண்டு பேர் உட்கார்ந்து ஆடுற ஆட்டத்துக்குச் சொல்ல முடியாதா?” என்பார்.

சொல்ல முடியும். அதைத்தான் இப்போ எழுதுறேன். ஏன்னா நம்ம செஸ் கிளப்புல போன வாரம் நடந்த சண்டையும் இதே கேள்வியில்தான் வந்து நிக்குது.

சண்டை இதுதான். கிளப் சார்பா பள்ளிப் பிள்ளைங்களுக்கு ஒரு நாள் ரேபிட் டோர்னமென்ட், ஏழு ரவுண்டு. நெய்வேலி, பெண்ணாடம், திட்டக்குடி, உளுந்தூர்பேட்டைன்னு சுத்துவட்டாரத்துல இருந்து பிள்ளைங்க வருவாங்க. எல்லாரும் சாயங்காலம் பஸ் பிடிச்சு ஊருக்குப் போகணும். நோட்டீஸ்ல டைம் கன்ட்ரோல் என்ன போடுறது? பெரும்பாலானவங்க சொன்னது, ஆளுக்கு 25 நிமிஷம், இன்கிரிமென்ட் கிடையாது. நான் இன்கிரிமென்ட் வேணும்னு சொன்னேன். உடனே ஒரு குரல்: “மூவுக்கு மூவு நேரம் கூடிட்டே போனா ஆட்டம் முடியவே முடியாதுடா. ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைங்களை யார் வீட்ல விடுறது?”

சபையில எல்லாரும் தலையாட்டிட்டாங்க. கேட்க நியாயமா இருக்குற வாதம்தான். ஆனா யாருமே பேனா எடுத்துக் கணக்குப் போடலை. இன்ஜினியரிங் காலேஜ்ல!

கூரை எவ்வளவு உயரம்

இன்கிரிமென்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. செஸ் க்ளாக்குல ரெண்டு பேருக்கும் தனித்தனி நேரம். உங்க முறை வரும்போது உங்க நேரம் மட்டும் குறையும். மூவ் ஆடி பட்டனை அழுத்தினா எதிராளி நேரம் ஓட ஆரம்பிக்கும். இன்கிரிமென்ட் வெச்சா, ஒவ்வொரு மூவுக்கும் உங்க கணக்குல சில வினாடி கூடும். சீக்கிரம் ஆடினா அந்த வினாடிகள் சேமிப்பா நிக்கும். இதைக் கொண்டுவந்தவர் பாபி ஃபிஷர். 1988-ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சு 1989-ல் வாங்கினார். பழைய சாவி கொடுக்கிற க்ளாக்குல, அந்தச் சிவப்புக் கொடி விழுமே அதுல, இது சாத்தியமில்லை. டிஜிட்டல் க்ளாக் வந்த பிறகுதான் வந்தது.

இப்போ கணக்கு. ஆரம்ப நேரம் ஆளுக்கு B, இன்கிரிமென்ட் i, ஆட்டம் n மூவ் போச்சு (ஒரு மூவ்னா வெள்ளை ஒண்ணு, கறுப்பு ஒண்ணு). ரெண்டு பேரும் கடைசி வினாடி வரை யோசிச்சாலும் ஆட்டம் இதைத் தாண்ட முடியாது:

```
T = 2B + 2·n·i
```

அவ்வளவுதான். யாரோ ஒருத்தர் க்ளாக் எப்பவும் ஓடிட்டே இருக்கு. அதனால ரெண்டு பேருக்கும் மொத்தமா கொடுத்த நேரத்துக்கு மேல ஆட்டம் நீள வழியே இல்லை. இன்னும் சரியா சொல்லணும்னா, ஆட்டம் எடுத்துக்கிட்ட நேரம் = T, கழித்தல் ரெண்டு க்ளாக்லயும் மிச்சம் இருக்கிற நேரம். இது தோராயம் இல்லை, சமன்பாடு. ஆர்பிட்டர் க்ளாக்கை நிறுத்தி வெச்சா அந்த நேரம் மட்டும்தான் இதுக்கு வெளியே.

இன்கிரிமென்ட் 30 வினாடின்னா இதுல ஒரு அழகு இருக்கு. ரெண்டு பேருக்கும் 30, 30. ஒரு மூவுக்குச் சரியா ஒரு நிமிஷம் கூரை ஏறுது. மாமல்லபுரத்துல 2022-ல் நடந்த ஒலிம்பியாட்டை எடுத்துக்குங்க. ஆளுக்கு 40 மூவுக்கு 90 நிமிஷம், அப்புறம் மிச்ச ஆட்டத்துக்கு 30 நிமிஷம், முதல் மூவிலிருந்தே 30 வினாடி இன்கிரிமென்ட். 40 மூவ் தாண்டின எந்த ஆட்டத்துக்கும் கூரை 4 மணி நேரம், கூட எத்தனை மூவோ அத்தனை நிமிஷம். மதியம் 3 மணிக்கு ஆரம்பிச்ச 60 மூவ் ஆட்டம் எவ்வளவு இழுத்தாலும் 8 மணிக்குள்ள முடிஞ்சாகணும். 100 மூவ் ஆட்டம் 8:40. அப்பா அன்னைக்கு மாமல்லபுரம் வாசல்ல உட்கார்ந்திருந்தா அவருக்கும் பதில் சொல்லியிருக்கலாம்.

ஒரு சோதனை: துபாய், 2021

சமன்பாட்டை எழுதிட்டா போதுமா, உண்மையான ஆட்டத்துல உட்கார வெச்சுப் பார்க்க வேணாமா? 2021 டிசம்பர் 3, துபாய். கார்ல்சன், நெபோம்னியாஷி உலக சாம்பியன்ஷிப், ஆறாவது ஆட்டம். 136 மூவ். உலக சாம்பியன்ஷிப் வரலாற்றுலயே நீளமான ஆட்டம் அதுதான். அதுக்கு முன்னாடி அந்தப் பேர் 1978-ல் கோர்ச்னாய், கார்போவ் ஆடின 124 மூவ் ஆட்டத்துக்கு இருந்தது.

அந்த மேட்ச்ல டைம் கன்ட்ரோல் கொஞ்சம் பழைய மாதிரி. முதல் 40 மூவுக்கு 120 நிமிஷம், அடுத்த 20-க்கு 60 நிமிஷம், மிச்சத்துக்கு 15 நிமிஷம். 30 வினாடி இன்கிரிமென்ட் 61-வது மூவிலிருந்துதான். 2013-ல் சென்னையில ஆனந்த், கார்ல்சன் ஆடினப்பவும் இதே முறைதான்.

ஆளுக்கு 120 + 60 + 15 = 195 நிமிஷம். ரெண்டு பேருக்கும் 390. இனி இன்கிரிமென்ட். 61-லிருந்து 136 வரை வெள்ளை 76 மூவ் ஆடினது. கார்ல்சனோட 136-வது மூவைப் பார்த்துட்டு நெபோ ரிசைன் பண்ணிட்டார், அதனால கறுப்புக்கு 75. மொத்தம் 151 அரை நிமிஷம், அதாவது 75 நிமிஷம் 30 வினாடி. கூட்டினா 465 நிமிஷம் 30 வினாடி. மணிக்கணக்குல 7 மணி 45 நிமிஷம் 30 வினாடி.

மறுநாள் செய்திகள்ல வந்த நேரம்: ஏழே முக்கால் மணி நேரம்.

முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தப்போ எனக்குச் சிலிர்த்துடுச்சு. ஆட்டம் கூரையில தலை இடிக்கிற அளவுக்குப் போயிருக்கு. அதாவது ரெண்டு பேரும் கையில இருந்ததை எல்லாம் செலவழிச்சுட்டு, கடைசியில ஒவ்வொரு மூவுக்கும் வர்ற 30 வினாடியைத் தின்னுட்டு வாழ்ந்திருக்காங்க. மாசக் கடைசியில ஹாஸ்டல் மெஸ் கார்டை வெச்சு ஓட்டுற மாதிரி. இன்கிரிமென்ட் இல்லாத முதல் 40 மூவ்லயும் கடைசியில ரெண்டு பேரும் டைம் ட்ரபிள்ல மாட்டி, மாறி மாறி வாய்ப்பைத் தவறவிட்டாங்க. ஜெயிக்கிற மூவ் போர்டுல இருந்தது, பார்க்க நேரம் இல்லை. நம்ம குகேஷ் 2024-ல் சிங்கப்பூர்ல சாம்பியன் ஆனப்பவும் முதல் 40 மூவுக்கு இன்கிரிமென்ட் கிடையாது, 41-லிருந்துதான். அந்தக் கடைசி ஆட்டம் 58 மூவ். கூரையை நீங்களே போட்டுப் பாருங்க: ஆளுக்கு 120 + 30, அதுக்கு மேல 18 மூவ். 5 மணி 18 நிமிஷம் வரணும்.

“முடியவே முடியாது”ன்னா எவ்வளவு?

சரி, n எவ்வளவு பெருசா போகலாம்? அதானே பயம். n-க்கு எல்லை இல்லைன்னா T-க்கும் எல்லை இல்லை.

ஆனா n-க்கு எல்லை இருக்கு. ஃபிடே விதிப்படி ரெண்டு பேரும் தொடர்ந்து 75 மூவ் ஆடி, அதுல ஒரு சிப்பாயும் நகரலை, ஒரு காயும் வெட்டுப்படலைன்னா ஆட்டம் தானா டிரா. யாரும் கேட்க வேண்டாம், ஆர்பிட்டரே நிறுத்தலாம். (50 மூவ் ஆனா வீரர் கேட்டு வாங்கிக்கலாம்.) ஆக ஆட்டத்தை இழுக்கணும்னா ஒவ்வொரு 75 மூவுக்கும் ஒரு சிப்பாய் நகரணும், இல்ல ஒரு காய் விழணும். அது எத்தனை தடவை முடியும்?

சிப்பாய் 16. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கட்டமா நடந்து மறுகோடி போக ஆறு அடி. 96. ராஜாக்களைத் தவிர விழக்கூடிய காய் 30. மொத்தம் 126. ஆனா எதிரெதிரே நிக்கிற சிப்பாய்கள் ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போகணுமே! அதுக்கு யாராவது பக்கத்து வரிசைக்கு வெட்டிப் போகணும். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு வரிசைக்கு ரெண்டு வெட்டு போதும், எட்டு வரிசைக்கு எட்டு. அந்த எட்டும் சிப்பாய் நகர்வு, வெட்டு ரெண்டாவும் எண்ணப்பட்டிருக்கு. கழிச்சா 118. 118 × 75 = 8850. வெள்ளை, கறுப்புன்னு யார் அந்த மூவை ஆடுறாங்கன்னு கை மாறும்போது மூணு இடத்துல அரை மூவ் நஷ்டம். 8848.5 மூவ். செஸ்ல சட்டப்படி இதுக்கு மேல ஒரு ஆட்டம் போக முடியாது.

இப்போ இதை மாமல்லபுரத்துல வைங்க. 4 மணி நேரம், கூட 8848.5 நிமிஷம். 6 நாள் 7 மணி 28 நிமிஷம் சொச்சம். முதல் ரவுண்டு ஜூலை 29, மதியம் 3 மணிக்கு ஆரம்பிச்சது. ரெண்டு கிறுக்கனுங்க உட்கார்ந்து இப்படி ஆடினா ஆகஸ்ட் 4 ராத்திரி பத்தரை மணிக்கு முடியும். ஆகஸ்ட் 4 ஓய்வு நாள். பாவம் அந்த ஆர்பிட்டர்.

இதுல எதுவும் நடக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். நிஜத்துல ஆடின ஆட்டங்கள்ல பேர்போன நீளம் 1989-ல் பெல்கிரேடுல நிகோலிச், அர்சோவிச் ஆடின 269 மூவ். இருபது மணி நேரத்துக்கு மேல போச்சு, டிரா. ஆனா அது இன்கிரிமென்ட் காலத்து ஆட்டம் இல்லைங்கிறதைக் கவனிக்கணும். அப்போ குறிப்பிட்ட மூவ் தாண்டினா மறுபடி மணிக்கணக்குல நேரம் கிடைக்கும். ரூக்கும் பிஷப்பும் ஒரு பக்கம், ரூக் மட்டும் மறுபக்கம்னா 50 மூவ் விதியை 100 ஆக்கியிருந்தாங்க. அதே 269 மூவை மாமல்லபுரம் க்ளாக்குல ஆடினா கூரை 8 மணி 29 நிமிஷம். பாதிகூட இல்லை. ஆட்டத்தை ராத்திரிக்கு இழுத்தது பழைய முறைதான். அந்தக் கெட்ட பேரை நாம இன்கிரிமென்ட் தலையில கட்டுறோம்.

நம்ம ஹால், நம்ம பஸ்

ஃபிடே தன் விதியிலேயே ஒரு ஆட்டம்னா 60 மூவ்னு வெச்சுத்தான் கணக்குப் போடுது. ரேபிட்டா, பிளிட்ஸான்னு பிரிக்கிறது ஆரம்ப நேரத்தோட இன்கிரிமென்ட்டின் 60 மடங்கைக் கூட்டித்தான். அந்தக் கண்ணாடியில பார்த்தா 25 + 0, 15 + 10 ரெண்டும் ஒண்ணுதான். 60 மூவ் ஆட்டத்துக்கு ரெண்டுலயும் கூரை 50 நிமிஷம். கிளப்புல நான் முதல்ல கேட்டது 15 + 10. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்ட பிறகு ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன்: எதிர்த்தவங்க பக்கமும் பாதி நியாயம் இருக்கு.

காரணம் இது. ஒரு ஆட்டம் 60 மூவ்ல முடியலாம். ஆனா ஸ்விஸ் முறையில எல்லா போர்டும் முடிஞ்சாதான் அடுத்த ரவுண்டு பேரிங் போட முடியும். ஹால்ல எண்பது போர்டு இருந்தா எல்லாரும் காத்திருக்கிறது சராசரி ஆட்டத்துக்கு இல்லை, கடைசி ஆட்டத்துக்கு. எண்பதுல ஒண்ணு நூறு மூவ் தாண்டினாலும் மிச்ச 158 பிள்ளைங்களும் வராண்டாவுல பஃப்ஸ் தின்னுட்டு நிக்கணும். அதனால திட்டம் போடும்போது 60-ஐ வெச்சு ஏமாறக் கூடாது. நான் 120 மூவை வெச்சுப் போடுறேன். பள்ளிப் பிள்ளைங்க ரேபிட்ல அதைத் தாண்டுறது ரொம்ப அபூர்வம்.

120 மூவுக்கு 15 + 10-ன் கூரை 70 நிமிஷம். 25 + 0-க்கு எப்பவும் 50. வித்தியாசம் 20 நிமிஷம். ஏழு ரவுண்டுலயும் இப்படி ஒரு ஆட்டம் வந்தா ரெண்டு மணி 20 நிமிஷம் தள்ளிப்போகும். பஸ் போயிடும். பயந்தவங்க பயந்தது சரி.

ஆனா இன்கிரிமென்ட்டைத் தூக்கிப் போடுறதுதான் வழியா? 15 + 5 போட்டுப் பாருங்க. ஆரம்பத்துல ரெண்டு பேருக்கும் சேர்த்து 30 நிமிஷம். ஒரு மூவுக்கு 10 வினாடி. 120 மூவுக்கு 20 நிமிஷம். மொத்தம் 50.

அதே 50! 25 + 0-க்கு என்ன ஸ்லாட் ஒதுக்குவோமோ, 120 மூவ் ஆட்டம்கூட அதுக்குள்ள அடங்குது. 60 மூவ் ஆட்டம் 40 நிமிஷத்துல முடிஞ்சுடும். தப்பித்தவறி 180 மூவ் போனாலும் ஒரு மணி நேரம்தான். அந்த 8848.5 மூவ் பைத்தியக்காரத்தனம்கூட 15 + 5-ல 25 மணி 5 நிமிஷத்துல அடங்கிடும்.

இன்னொரு விஷயம், ஆர்பிட்டரா நிக்கப் போற நம்ம பசங்களுக்கு. கடைசி போர்டுக்குப் பக்கத்துல போய் நின்னா, இன்னும் எவ்வளவு நேரம்னு அந்த இடத்துலயே சொல்லலாம். ரெண்டு க்ளாக்லயும் தெரியுற நேரத்தைக் கூட்டுங்க. சிப்பாயே இல்லாம ரூக்கு எதிர் ரூக்குன்னு சுத்திட்டு இருந்தா, மிச்சம் அதிகபட்சம் 75 மூவ், அதாவது பன்னிரண்டரை நிமிஷம். ரெண்டு க்ளாக்லயும் ஆளுக்கு ஒரு நிமிஷம் தெரிஞ்சா, அதிகபட்சம் பதினாலரை நிமிஷத்துல முடியும். நடுவுல ஒரு காய் விழுந்தா எண்ணிக்கை திரும்ப ஒண்ணுலிருந்து. ஆனா விழ வேண்டிய காய்தான் அந்த நேரத்துல போர்டுல அதிகம் இருக்காதே. எண்ணுறது யார்ங்கிறதை மட்டும் மறக்காதீங்க. ரேபிட்ல பிள்ளைங்க மூவ் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால பக்கத்துல நின்னு விரல் விட்டு எண்ண வேண்டியது நீங்கதான்.

அந்த ஒரு சிப்பாய்

நான் ஏன் இதுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுறேன்னு கேட்கலாம். ஒன்பதாவது படிக்கும்போது ஒரு டோர்னமென்ட், எங்கன்னு சொல்ல விரும்பலை. 25 + 0. கடைசி ரவுண்டு. என்கிட்ட ரூக், அதாவது நம்ம யானை. எதிராளி கிட்ட ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாயை நான் தடுத்து வெச்சாச்சு, இன்னும் நாலஞ்சு மூவ்ல வெட்டிடலாம். அதுக்கப்புறம் யானையை வெச்சு மேட் பண்றது புத்தகத்துல முதல் பாடம். எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் 16 மூவ். என் க்ளாக்ல 11 வினாடி.

அந்தப் பையன் ஒண்ணும் தப்பு பண்ணலை. வேகவேகமா ராஜாவை நகர்த்தி க்ளாக்கைத் தட்டினான், அவ்வளவுதான். நான் பதட்டத்துல ஒரு காயைத் தட்டிவிட்டு, அதை என் நேரத்துல எடுத்து நிறுத்தி, க்ளாக் பட்டனைத் தேடி... 0:00.

விதி என்ன சொல்லுதுன்னா, நேரம் முடிஞ்சவன் தோத்தான். எதிராளியால எந்த வழியிலும் மேட் பண்ணவே முடியாதுன்னா மட்டும் டிரா. சிப்பாயை வெட்டி முடிச்சிருந்தா அவன்கிட்ட ராஜா மட்டும்தான் இருந்திருக்கும், எனக்கு அரை பாயின்ட்டாவது வந்திருக்கும். ஆனா ஒரு சிப்பாய் உயிரோட இருந்தது. சிப்பாய் ராணியாகலாம், ராணி மேட் பண்ணலாம். அதனால முழுத் தோல்வி.

இன்கிரிமென்ட் இல்லாத ஆட்டத்துக்கு ஃபிடே வழிகாட்டுதல்ல ஒரு வழி இருக்கு. ரெண்டு நிமிஷத்துக்குக் கீழே நேரம் இருந்தா, ரெண்டு பேருக்கும் 5 வினாடி இன்கிரிமென்ட் வைக்கச் சொல்லி வீரர் கேட்கலாம். அப்படிக் கேட்கிறது டிரா கேட்ட மாதிரியும் ஆகும். எதிராளி டிராவை மறுத்து, ஆர்பிட்டர் ஒத்துக்கிட்டா 5 வினாடியோட ஆட்டம் தொடரும். எதிராளிக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலாவும் கிடைக்கும். ஆனா அந்த வழிகாட்டுதல் நம்ம டோர்னமென்ட்ல அமல்ல இருக்குன்னு முன்கூட்டியே அறிவிச்சிருக்கணும். பதினாலு வயசுப் பையனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அதுவும் க்ளாக்குல 11 வினாடி ஓடிட்டு இருக்கும்போது. கவனிச்சீங்களா, பிரச்சினைன்னு வந்தா ஃபிடேவே கடைசியில கையில எடுக்கிறது அந்த 5 வினாடியைத்தான். அதை முதல் மூவிலேயே கொடுத்துட்டா என்ன?

5 வினாடி போதுமான்னு கேட்பீங்க. யோசிக்கப் போதாது. தெரிஞ்சதைச் செய்யப் போதும். 16 மூவுக்கு 80 வினாடி கிடைக்கும். யானை மேட் தெரிஞ்சவன் அதுக்குள்ள முடிப்பான். பிஷப்பும் குதிரையும் வெச்சு மேட் பண்ண 33 மூவ் வரை ஆகும், அது எனக்கே பாதி நாள் வராது, அதை விடுங்க.

இதுல ஒரு விலை இருக்கு, மறைக்கலை. 15 + 5-ல 60 மூவ் ஆட்டத்துக்கு ஆளுக்குக் கிடைக்கிறது 20 நிமிஷம். 25 + 0-ல 25. நடு ஆட்டத்துல உட்கார்ந்து யோசிக்கிற பிள்ளைக்கு 5 நிமிஷம் போகுது. ஆழமா கணக்குப் போடுற பிள்ளைங்களுக்கு அது வலிக்கும். என் தீர்ப்பு, அந்த 5 நிமிஷத்தைக் கொடுக்கலாம்ங்கிறதுதான். நடு ஆட்டத்துல நேரம் போதாம தப்பு மூவ் ஆடினா, அது செஸ் தோல்வி. ஜெயிச்ச ஆட்டத்துல பட்டன் தட்டுற வேகத்துல தோத்தா, அது வேற ஏதோ விளையாட்டுல தோத்த தோல்வி. மாற்றுக் கருத்து இருந்தா அடுத்த இதழுக்கு எழுதுங்க, சண்டை போடலாம்.

உண்மையான தடை க்ளாக்தான். நம்மகிட்ட டிஜிட்டல் க்ளாக் 30 தேறும், அதுலயும் நாலுல பேட்டரி கவர் இல்லை. பக்கத்து ஸ்கூல், கோச்சிங் சென்டர்னு கடன் வாங்கினாலும் எல்லா போர்டுக்கும் வராது. பிள்ளைங்களையே க்ளாக் கொண்டுவரச் சொல்லி நோட்டீஸ்ல ஒரு வரி போடலாம், நிறைய டோர்னமென்ட்ல அதுதான் வழக்கம். போன் ஆப் க்ளாக் வேண்டாம், நடுவுல போன் வந்தா அது தனிப் பஞ்சாயத்து. காலையில ஒவ்வொரு க்ளாக்கையும் ஒருத்தர் கையால செட் பண்ணிச் சரிபார்க்கணும். 15 + 5-க்கு பதிலா ஒண்ணுல மட்டும் 15 + 0-ன்னு இருந்தா மதியம் யாரோ ஒரு பிள்ளை அழும். சரிபார்க்கிறது சுலபம்: ஒரு பட்டனைத் தட்டினதும் தட்டின பக்கம் நேரம் 5 வினாடி ஏறணும். ஏறலைன்னா தப்பு.

கமிட்டிக்கு நான் கொடுத்திருக்கிற நோட்டீஸ் வரைவு இது. 15 நிமிஷம் + மூவுக்கு 5 வினாடி. ஏழு ரவுண்டு, ரவுண்டுக்கு ஒரு மணி நேரம்: ஆட்டத்துக்கு 50 நிமிஷம், பேரிங் போட 10. காலை 9:30-க்கு முதல் ரவுண்டு, மூணு ரவுண்டு முடிஞ்சு 12:30-லிருந்து 1:15 வரை சாப்பாடு, 1:15-க்கு நாலாவது, கடைசி ரவுண்டு 4:15-க்கு. அதுக்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கேன். அதை எந்த செஸ் நோட்டீஸ்லயும் நான் பார்த்ததில்லை: “கடைசி ஆட்டம் 120 மூவ் போனாலும் 5:05-க்குள் முடியும்.”

அப்பாவுக்கு போன்ல படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், “121-வது மூவ் போனா?” என்றார்.

“பத்து வினாடி, அப்பா.”